நாலடிக் கதைப்பாட்டு: தாளம் விடாமல் ஒரு கிராமத்துக் கதையைச் சொல்வது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமத்துக் கதை எவ்வளவோ கேட்டிருக்கேன். அதுல எது பாட்டுக்கு ஆகும்?

ஒரு பொருளைச் சுற்றிச் சுழலும் கதை ஆகும். மனசுக்குள்ளேயே நடந்து முடிகிற கதை ஆகாது. ஒருவன் இருபது வருஷம் யோசித்துத் திருந்தினான் என்பது நல்ல சிறுகதையாகலாம். தாளத்தில் அதைச் சொல்லப் போனால், கை தட்டிக்கொண்டே இருக்கும், கதை நின்றுவிடும். பாட்டுக்கு வேண்டியது கண்ணால் பார்க்கிற செயல். வெட்டினான், ஓடினான், கட்டினான், விழுந்தது என்பது போல.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே கதையை வைத்துக்கொள்வோம். அண்ணன் மாரி, தம்பி வீரன். பொதுக் கிணறு ஒன்று, இறைக்கும் கயிறும் ஒன்று. ஒருநாள் இவன் இறைப்பான், மறுநாள் அவன். கிணறு வற்றுகிறது. தம்பியின் முறை வரப்போகிற இரவில் அண்ணன் போய்க் கயிற்றை அறுத்துவிடுகிறான். அதே இரவில் அண்ணனுடைய வைக்கோல்போரில் தீப்பிடிக்கிறது. தண்ணீர் இறைக்கக் கயிறு இல்லை.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கயிறு என்ற ஒரே பொருள் சண்டைக்கும் தண்டனைக்கும் பொதுவாக இருப்பதுதான். “இதனால் அறிவது யாதெனில்” என்று பாடுபவர் விளக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் கதையையும் இப்படி ஐந்தாறு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது எதையாவது கையால் தொடவில்லை என்றால், வேறு கதையைத் தேடுவது நல்லது.

துடிப்பா ஓடணும். அதுக்கு யாப்பிலக்கணம் முழுசாப் படிக்கணுமா?

வேண்டாம். மாத்திரை எண்ணத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். தனிக் குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு. பின்னால் புள்ளி எழுத்து நிற்கிற குறிலுக்கும் இரண்டு. நெடிலுக்குப் பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் இரண்டுதான், கூடாது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற ஐகாரம் குறுகி ஒலிப்பதால் அதற்கு ஒன்று. இது சந்தக் கணக்கு. செய்யுள் இலக்கணத்தில் நேர், நிரை என்று அசை பிரிப்பது வேறு வழி. காதுக்கு எழுதும்போது இந்தக் கணக்கே கைகொடுக்கும்.

இனி ஒரு கைத்தட்டுக்கு நான்கு மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இசைப்பாட்டில் நான்மை நடை என்பது இதற்கு நெருக்கம். நொண்டிச் சிந்து அந்த நடையில் போவது. பாரதியார் 1912-இல் முதல் பாகத்தை வெளியிட்ட ‘பாஞ்சாலி சபதம்’ கதையின் பெரும்பகுதியைச் சுமப்பதும் அந்தச் சிந்துதான். கும்மி மும்மை நடையில் சுழலும். சுற்றி வந்து ஆடுவதற்கு அது பொருந்தும், ஆனால் கதையை முன்னால் தள்ளிக்கொண்டு போக நான்மைதான் வலுவானது என்பது என் எண்ணம்.

இந்த அடியைத் தட்டிப் பாருங்கள்:

அரிவாள் / வீச்சு / ஒண்ணே / போதும்

முதல் தட்டில் அ, ரி, வாள்: ஒன்று, ஒன்று, இரண்டு. சரியாக நான்கு. ‘வீச்சு’ மூன்றுதான். அங்கே கடைசி எழுத்தைக் குரல் தானாகவே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ‘ஒண்ணே’, ‘போதும்’ இரண்டும் நான்கு. மூன்று வந்தால் இழுக்கலாம், ஐந்து வந்தால் விரைந்து சொல்லி அடக்கலாம், ஆறு வந்தால் தாளம் உடையும். நடைமுறையில் இதுதான் முழு விதி. ஒரே அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஐந்து வந்தாலும் நாக்கு தடுக்கும்.

கதையில் அதே செய்தியை ‘அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டான்’ என்று எழுதியிருந்தால்? ‘அரிவாளால்’ ஆறு. ‘அறுத்துவிட்டான்’ எட்டு, ஒரு தட்டுக்குள் அடங்காது, இரண்டு தட்டுக்குப் பிரித்தால் சொல் நடுவில் பிளக்கும். பொருள் தெளிவாக இருக்கிறது, இலக்கணமும் சரி. தட்டும்போதுதான் அது உரைநடை என்பது தெரியும். வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும்தான் இந்தப் பாரத்தை ஏற்றுகின்றன. ‘ஆல்’, ‘விட்டான்’, ‘கொண்டிருந்தான்’ மூன்றையும் உதறினால் பாதி வேலை முடிந்தது.

நாலு அடியும் ஒரே நீளமா இருக்கணுமா?

இருக்கலாம். ஆனால் சீக்கிரம் சலிக்கும். ஒன்றாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நான்கு தட்டு, இரண்டுக்கும் நான்குக்கும் மூன்று தட்டு என்று வைத்துப் பாருங்கள். குட்டை அடியின் முடிவில் நான்காவது தட்டும் இருக்கிறது. ஆனால் அதில் சொல் கிடையாது, கை மட்டும் விழும்.

அந்த வெற்றுத் தட்டுதான் இந்த வடிவத்தின் உயிர். பாடுபவர் அங்கே மூச்சு வாங்குவார். கேட்பவர் அதற்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்துவிடுவார். பறையோ உடுக்கையோ கூட இருந்தால் அந்த இடம் அதற்குரியது. புதிதாக எழுதுபவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட மனமில்லாமல் ‘அம்மா’, ‘தானே’, ‘அன்றோ’ என்று எதையாவது போட்டு அடைப்பார்கள். போட்டதும் ஓட்டம் போய்விடும்.

முழுப் பாட்டையும் ஒரு தடவை காட்ட முடியுமா?

கிணறோ ஒண்ணு கயிறோ ஒண்ணு
கீழத் தோட்டம் நடுவிலே
ஒருநாள் மாரி மறுநாள் வீரன்
ஒப்புக் கொண்ட முறையிலே

மழையும் இல்லை ஊத்தும் இல்லை
மண்ணு தெரியும் அடியிலே
தழையும் வாடத் தவிச்ச மாரி
தம்பி மேலே வெறியிலே

பாதி ராத்திரி பாயை விட்டுப்
பையப் போனான் கிணத்துக்கு
அரிவாள் வீச்சு ஒண்ணே போதும்
அறுந்தது பங்கு தம்பிக்கு

மாரி வைக்கப் போரில் நெருப்பு
மளமள மளன்னு பத்துது
ஓடி வாரான் வாளி எடுத்து
உருளை மட்டும் சுத்துது

“கயிறு எங்கே அண்ணே?” கேட்டான்
கல்லாய் மாரி நிக்கிறான்
வயிறு எரியுது வைக்கோல் எரியுது
வார்த்தை வராமல் விக்கிறான்

துண்டை அவிழ்த்தான் சேலை கேட்டான்
தம்பி முடிச்சுப் போடுறான்
வாளி மேலே ஏற ஏற
மாரி தரையைத் தேடுறான்

கிணறோ ஒண்ணு கயிறோ ஒண்ணு
கீழத் தோட்டம் நடுவிலே
வெட்டின கயிறும் கட்டின துணியும்
ஒண்ணாய்க் காயுது வெயிலிலே

ஏழு நாலடிகள். ‘கிணத்துக்கு’ என்ற சொல்லில் மட்டும் ஆறு மாத்திரை இருக்கிறது. மற்ற இரு தட்டும் லேசாக இருப்பதாலும், அடுத்தது வெற்றுத் தட்டு என்பதாலும் அது தப்பித்துக்கொள்கிறது. அடியின் நடுவில் வந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

எதுகை, மோனை, இயைபு மூணும் வேணுமா? மூணும் வச்சா செயற்கையாத் தெரியுது.

மூன்றுக்கும் மூன்று வேலை. கதைப்பாட்டில் முதல் இடம் இயைபுக்கு, அதாவது இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒரே ஒலியில் முடிவதற்கு. நாலடி முடிந்தது என்று காதுக்குச் சொல்வது அதுதான். அது இல்லையென்றால் நாலடிகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

இதில் தமிழ் ஒரு வசதியையும் ஒரு வலையையும் சேர்த்தே தருகிறது. எந்தச் சொல்லோடும் ‘இலே’ ஒட்டினால் இயைபு கிடைத்துவிடும். ‘நடுவிலே’, ‘முறையிலே’ என்று தொடங்க அது போதும், ஏனென்றால் முதல் நாலடியில் கேட்பவர் தாளத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் தொடர்ந்து ஐந்தாறு நாலடிக்கு ‘இலே’ என்றே முடித்தால் காது செத்துவிடும். ஒட்டு மட்டும் ஒத்துப்போகிறது, சொல் ஒத்துப்போகவில்லை. ‘பத்துது – சுத்துது’, ‘நிக்கிறான் – விக்கிறான்’ இவற்றில் வேர்ச்சொல்லே மோதுகிறது. அதனால் மேலே உள்ள பாட்டில் ‘இலே’ முதலிரண்டு நாலடியோடு நின்றுவிடுகிறது. கதை சூடேறும் இடங்களில் வேர் இயைபு வருகிறது. கடைசியில் முதல் நாலடி திரும்புவதால் ‘இலே’யும் கூடவே திரும்புகிறது.

மோனை தட்டின் தொடக்கத்தை எடுத்துக்காட்டும். ‘பாதி’, ‘பாயை’, ‘பைய’ மூன்றும் தட்டு விழும் இடத்தில் நிற்பதால் கைக்கு வலு கூடுகிறது. ஒவ்வொரு அடியிலும் மோனை வேண்டியதில்லை.

எதுகை வந்தால் நல்லது. ‘மழையும் – தழையும்’, ‘கயிறு – வயிறு’ தானாக வந்து விழுந்தவை. வராதபோது தேடக் கூடாது. எதுகைக்காகக் கதையில் இல்லாத ஆளோ மாடோ உள்ளே வந்துவிடும், பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு.

ஆறாம் நாலடியில் ‘வேட்டி அவிழ்த்தான் சேலை கேட்டான்’ என்று வைத்தால் ‘வேட்டி – கேட்டான்’ என்று அடிக்குள்ளேயே ஒலி அழகாகப் பொருந்தும். ஆனால் தீ எரியும் நேரத்தில் கூட்டம் சிரித்துவிடும். ஆகவே ‘துண்டை’. ஒலியும் காட்சியும் மோதினால் காட்சி பக்கம் போங்கள்.

ஒரு நாலடிக்குள்ள எவ்வளவு கதை வைக்கலாம்?

ஒரு செயல், அல்லது ஒரு நிலை. மூன்றாம் நாலடி கயிறு அறுப்பது மட்டும். நான்காம் நாலடி தீயும் வெறும் உருளையும். இரண்டுக்கும் நடுவில் மாரி வீட்டுக்குத் திரும்பினான், படுத்தான், தூங்கினான் என்பதெல்லாம் கிடையாது. நாலடி மாறும்போது நேரமும் இடமும் குதிக்கலாம். கேட்பவர் அந்தக் குதிப்பைத் தாண்டி வந்துவிடுவார், இடையில் பாலம் கட்டினால்தான் அவருக்குச் சலிப்பு.

எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பது மட்டும் தெரிய வேண்டும். ‘பாயை விட்டு’ என்றதும் வீடு. ‘கிணத்துக்கு’ என்றதும் தோட்டம். ஒரு சொல் போதும்.

“அப்போ தீ அணைஞ்சுதா இல்லையா?”ன்னு பாடி முடிச்சதும் கேட்கிறாங்க. சொல்லணுமா?

இந்தக் கதையில் சொல்ல வேண்டாம். தீ மாரியின் தண்டனைக்காக வந்தது. அவன் தலை குனிந்ததுமே அதன் வேலை முடிந்துவிட்டது. வைக்கோல் எவ்வளவு தப்பியது என்று கணக்குச் சொன்னால் கதை கயிற்றை விட்டு வைக்கோலுக்குப் போய்விடும்.

ஆனால் கேள்விகளில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்பது ஆர்வம், அதை அப்படியே விடலாம். ‘வேற கயிறே இல்லையா வீட்டுல?’ என்பது ஓட்டை. அதை அடைக்காவிட்டால் கேட்பவர் கதையை நம்ப மாட்டார். இங்கே முதல் அடியே அதை அடைத்துவிடுகிறது: ‘கயிறோ ஒண்ணு’. ஓட்டையைத் தீ எரியும்போது அடைக்கப் போனால் சமாதானம் சொல்வது போல ஆகிவிடும். முன்னாலேயே, யாரும் கவனிக்காதபோது அடைத்துவிட வேண்டும்.

பாத்திரங்களைப் பேசவிடலாமா?

விடலாம், குறைவாக. உச்சத்தில் ஒரே ஒரு கேள்வி, அதற்கு மறுமொழி இல்லை. அவ்வளவுதான் மேலே இருக்கிறது. தம்பி ‘அண்ணே’ என்று கூப்பிடுவதால் யார் பேசுகிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உறவுமுறைச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆளையும் காட்டுகிறது, அறுத்தது யார் என்று தெரியாமல்தான் கேட்கிறான் என்பதையும் காட்டுகிறது.

‘என்று சொல்லியவாறு’, ‘எனக் கேட்டபடி’ போன்றவை தட்டைத் தின்பவை. தவிருங்கள்.

வேகம் கூட வேண்டிய இடத்துல தாளத்தையே மாத்தலாமா?

தட்டின் வேகத்தை மாற்றாதீர்கள், தட்டுக்குள் இருக்கும் எழுத்துகளை மாற்றுங்கள். ‘போதும்’ என்பதில் இரண்டு அசைவு, ‘மளமள’ என்பதில் நான்கு. இரண்டுக்கும் ஒரே நேரம்தான். ஆனால் இரண்டாவது ஓடுவதாகத் தோன்றும். தீப்பிடிக்கும் நாலடியில் குறில்கள் குவிவதற்கும், ‘எரியுது’ இரண்டு தடவை வருவதற்கும் இதுதான் காரணம். ‘கல்லாய் மாரி’ என்று நெடிலைக் கொண்டுவந்ததும் ஆள் அசையாமல் நிற்பது ஒலியிலேயே தெரிகிறது.

முழுப் பாட்டையும் குறிலால் நிரப்பிவிடாதீர்கள். எல்லாம் ஓடினால் எதுவும் ஓடுவதாகத் தோன்றாது.

திரும்பத் திரும்ப வரும் அடி கட்டாயமா?

கட்டாயமில்லை. கூட்டத்தோடு பாடுவதாக இருந்தால் மிகவும் உதவும். ஒரே நிபந்தனை, திரும்பும்போது பொருள் மாறியிருக்க வேண்டும். ‘கிணறோ ஒண்ணு கயிறோ ஒண்ணு’ என்பது முதலில் வெறும் தகவல். முடிவில் அதே சொற்கள், ஆனால் அந்த ‘ஒண்ணு’ இப்போது அறுந்த கயிறும் முடிச்சுப் போட்ட துணியும் சேர்ந்தது. மாறாமல் மூன்று நான்கு தடவை வந்தால் கூட்டம் மகிழ்ச்சியாகத்தான் பாடும், கதை மட்டும் அங்கே காத்துக்கொண்டு நிற்கும்.

பேச்சுத் தமிழ்லயா, எழுத்துத் தமிழ்லயா?

கதை நடக்கும் இடத்துப் பேச்சில். காரணம் மண்வாசனை மட்டுமல்ல. ‘ஒன்று’ என்பதும் ‘ஒண்ணு’ என்பதும் ஒரே எடைதான். ஆனால் ‘பற்றுகிறது’ என்பதில் ஆறு மாத்திரை, ‘பத்துது’ என்பதில் நான்கு. பேச்சுத் தமிழ் வினைமுற்றுகளைச் சுருக்கித் தருகிறது, அதனால் அடிக்கு ஒரு செயல் கூடுதலாக நுழையும். ‘பத்துது’ என்று எழுதிவிட்டு அடுத்த அடியில் ‘சுழல்கின்றது’ என்று வைப்பதுதான் உறுத்தும்.

எத்தனை நாலடி எழுதலாம்?

நிமிஷத்துக்கு நூறு தட்டு என்ற நடையில் ஒரு நாலடிக்கு வெற்றுத் தட்டையும் சேர்த்துப் பதினாறு தட்டு, ஏறக்குறைய பத்து விநாடி. மேலே உள்ள பாட்டு ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். இருபத்தைந்து நாலடி என்றால் நான்கு நிமிஷம். அதற்கு மேல் போனால் நடுவில் உரைநடையாகப் பேசி ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். வில்லுப்பாட்டில் பாட்டும் பேச்சும் மாறிமாறி வருவது இந்த வகையில் பெரிய வசதி.

நீளம் வேண்டுமென்றால் காட்சியை நீட்டாதீர்கள், இன்னொரு காட்சியைச் சேருங்கள். இந்தக் கதையில் இடம் இருப்பது இரண்டாம் நாலடிக்குப் பிறகு. வெறி எப்படி ஏறியது என்பதற்கு ஒரு வாய்ச்சண்டையை வைக்கலாம். கயிறு அறுந்த பிறகு எதையும் நுழைக்க முடியாது, அங்கிருந்து ஒரே ஓட்டம்.

தாளம் எங்க உடையுதுன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எழுதியவர் காது ஏமாற்றும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்று அதற்கு முன்பே தெரியும். பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். நீங்கள் சீராகத் தட்டிக்கொண்டே இருங்கள், அவர் தட்டுக்குப் படிக்கட்டும். மெட்டைச் சொல்லித் தரக் கூடாது, திருத்தவும் கூடாது.

அவர் ஒரு எழுத்தை விழுங்கினால் அந்தத் தட்டில் பாரம் அதிகம். ஒரு சொல்லுக்கு முன் தயங்கினால், சொல் தட்டின் நடுவில் பிளந்திருக்கிறது. அடியின் முடிவில் கைக்கு முன்னால் ஓடினால், வெற்றுத் தட்டு இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அநேகமாக முந்தைய நாலடியில் அதை ஏதோ சொல்லால் அடைத்திருப்பீர்கள். அவர் தடுக்கிய இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருத்தும்போது ஒட்டுமொத்த அடியை மாற்றாமல், கோடு விழுந்த தட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு உருபை எடுத்தாலே சரியாகிவிடும்.

நிஜமா நடந்த கதை. பேரை அப்படியே போடலாமா?

ஆட்களோ அவர்கள் பிள்ளைகளோ இருந்தால் போடாதீர்கள். பாட்டு வாய்விட்டு வாய் போகும், திருப்பி வாங்க முடியாது. பெயரை மாற்றும்போது எடையைப் பாருங்கள். ‘மாரி’ இருந்த இடத்தில் ‘தங்கராசு’ வந்தால் மூன்று மாத்திரை ஆறாகிவிடும், அந்தப் பெயர் வருகிற எல்லா அடியையும் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு எழுத்துப் பெயராக வைத்துக்கொள்வது பிழைப்புக்கு நல்லது. உறவையோ தொழிலையோ மாற்றப் போகிறீர்கள் என்றால் எழுதத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அண்ணன் தம்பியைப் பங்காளிகளாக்கினால் ‘அண்ணே?’ என்ற அந்தக் கேள்வியின் வலி குறைந்துவிடும், ஐந்தாம் நாலடியை வேறு விதமாக யோசிக்க நேரும்.